நடந்தான் என்றால் எப்படி நடந்தான்?
நடை வினைகளும் அவை காட்டும் மனநிலையும்

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோல்' என்றொரு வினை உண்டு. 'ட்ரட்ஜ்' என்று இன்னொன்றும் உண்டு. இரண்டுமே மெதுவாக நடப்பதைக் குறிப்பவை. தமிழாக்கம் செய்யச் சொன்னால் மாணவர்கள் இரண்டுக்கும் 'மெதுவாக நடந்தான்' என்றே எழுதிவிடுகிறார்கள். அகராதியைப் பார்த்து எழுதும் பெரியவர்களும் பல வேளை அப்படித்தான் செய்கிறார்கள். வேகத்தை மட்டும் பார்த்தால் அது பிழையில்லை. ஆனால் முதலாமவன் அஸருக்குப் பிறகு கடற்கரைக் காற்று வாங்கப் போகிறவன். இரண்டாமவன் நாள் முழுக்க மூட்டை சுமந்துவிட்டு வீடு திரும்புகிறவன். இருவரின் கால்களும் ஒரே வேகத்தில் போகலாம். மனம் ஒன்றல்ல.

இந்தக் கட்டுரையில் நான்கு வினைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஸ்ட்ரோல், ஸ்ட்ரைட், ட்ரட்ஜ், லிம்ப். ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, அதற்குத் தமிழ் எதை வைத்திருக்கிறது, எந்த இடத்தில் இரண்டும் பொருந்தாமல் போகின்றன என்று பார்ப்போம். இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. ஒருவரின் வாக்குமூலத்தை வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது நடை வினை ஒன்று மாறினால், சாட்சியமே மாறிவிடும். அதைக் கடைசியில் ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன்.

வினைக்குள் என்ன இருக்கிறது?

'நட' என்பது வெறும் வினை. கால் மாறி மாறி நிலத்தில் பதிகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மற்ற நடை வினைகள் அதன்மீது ஏதோவொன்றைச் சேர்க்கின்றன. சேர்ப்பது மூன்று வகைப்படும். முதலாவது, உடல் எப்படி அசைகிறது என்பது: அடி நீளமா, குறுகலா, பாரமா, சமமா. இரண்டாவது, நடப்பவரின் மனம். மூன்றாவது, போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதா என்பது.

ஒரு வினையில் மனம் ஒட்டியிருக்கிறதா, உடல் மட்டும்தானா என்று அறிய இலேசான ஒரு சோதனை உண்டு. அதற்கு எதிரான மனநிலையை அதோடு சேர்த்துப் பாருங்கள். 'சந்தோஷமாக நொண்டிக்கொண்டு வந்தான்' என்று சொல்லலாம். கால் சுளுக்கினாலும் கோல் அடித்துவிட்டு வருகிற பையன் அப்படித்தான் வருவான். 'சந்தோஷமாகத் தளர்ந்து நடந்தான்' என்றால் காதில் இடிக்கிறது. ஆகவே நொண்டுதலில் உடல் மட்டும் இருக்கிறது. தளர்நடையில் மனமும் உள்ளே இருக்கிறது.

இன்னொரு சோதனை, ஏவிப் பார்ப்பது. 'கால எட்டி வை' என்று பிள்ளையிடம் சொல்லலாம், பிள்ளையும் செய்யும். 'நொண்டு' என்று சொன்னால், நொண்டுவது போல நடி என்றுதான் அர்த்தமாகும். நடப்பவரின் விருப்பத்தில் உள்ளது எது, அவருக்கு நேர்ந்தது எது என்பதை இந்தச் சோதனை காட்டிவிடும்.

உலாவுதலும் உலாத்துதலும்

ஸ்ட்ரோல் என்பதில் அவசரம் கிடையாது. போய்ச் சேர வேண்டிய இடமும் முக்கியமில்லை. நடப்பதே அதன் நோக்கம். மேலே சொன்ன சோதனையில் பார்த்தால், 'பயந்து பயந்து ஸ்ட்ரோல் பண்ணினான்' என்று சொல்லவே முடியாது. மன ஆறுதல் அந்த வினையின் எலும்பிலேயே இருக்கிறது.

தமிழில் இதற்கு நேராக நிற்பது 'உலாவு'. ஆனால் இச்சொல்லுக்கு ஒரு பழைய வாழ்க்கை உண்டு. தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களுள் 'உலா' ஒன்று. அரசனோ தெய்வமோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்கள் காண்பதாக அது அமையும். ஆகவே தமிழ் உலாவில் 'பிறர் பார்க்க நடத்தல்' என்ற சாயல் இருந்துகொண்டே இருக்கிறது. ஆங்கில வினையில் அந்தப் பார்வையாளர் இல்லை. தனியாக ஒருவர் தோட்டத்தில் நடந்தாலும் அது ஸ்ட்ரோல்தான்.

எங்கட பேச்சு வழக்கில் 'உலாத்து' என்ற வடிவம் இருக்கிறது. பெருநாள் அன்று 'உலாத்தப் போறோம்' என்றால் அதில் சந்தோஷம் மட்டுமே உண்டு. ஆனால் அதே சொல்லை, 'வேல வெட்டி இல்லாம உலாத்திக்கிட்டுத் திரியிறான்' என்று ஒரு வாப்பா சொல்லும்போது அது குற்றச்சாட்டு. ஸ்ட்ரோல் என்ற வினையில் இந்தக் கண்டிப்பு இல்லை. ஆகவே கதையில் வரும் முதியவர் ஒருவர் மாலையில் அமைதியாக நடப்பதை 'உலாத்தினார்' என்று பெயர்த்தால், சில வாசகர்களுக்கு அவர் பொறுப்பில்லாதவராகத் தெரியக்கூடும். அங்கே 'உலாவினார்' என்பதோ, 'காலாற நடந்தார்' என்பதோ பாதுகாப்பானது. 'காலாற' என்பது அருமையான சொல். ஆறுவது கால் என்று சொன்னாலும், ஆறுவது மனம் என்று கேட்பவருக்கு விளங்கிவிடும்.

எட்டி நடத்தல்

ஸ்ட்ரைட் என்பது நீண்ட அடி. அது மட்டுமல்ல, அடிகள் ஒரே அளவாக விழ வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், போகும் இடம் நடப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனத்தைப் பொறுத்தவரை இது உறுதியைக் காட்டும். அந்த உறுதி கோபமாகவும் இருக்கலாம், தன்னம்பிக்கையாகவும் இருக்கலாம். எது என்று வினை சொல்லாது. சூழல்தான் சொல்ல வேண்டும்.

தமிழ் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 'எட்டி நடந்தான்' என்றால் அடியின் நீளம் மட்டும். 'விறுவிறுவென்று நடந்தான்' என்றால் வேகமும் முனைப்பும். 'விடுக்கென்று எழுந்து போனான்' என்றால் கோபம். 'கைய வீசிக்கிட்டு நடந்தான்' என்றால் கவலையில்லாத மனம், சில வேளை கையில் ஒன்றும் கொண்டு வராதவன் என்ற குத்தலும். 'வீறுநடை' என்றால் பெருமிதம். ஆனால் மேடைப் பேச்சிலும் பத்திரிகைத் தலைப்பிலும் தேய்ந்துபோன சொல் அது. ஆபீசுக்குள் கோபமாக நுழையும் ஒரு பெண்ணை 'வீறுநடை போட்டு வந்தாள்' என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். ஆங்கிலத்தின் ஒரு வினைக்குத் தமிழில் ஐந்து வழிகள் இருக்கும்போது, எந்தக் கோபம், எந்தப் பெருமை என்று மொழிபெயர்ப்பவர் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நடையாய் நடத்தல்

ட்ரட்ஜ் என்பதற்கு ஒற்றைச் சொல்லில் தமிழ் இல்லை. அதன் கூறுகள் மூன்று. கால் பாரமாக விழுகிறது. உடலோ மனமோ களைத்துப் போயிருக்கிறது. இருந்தும் நடப்பவர் நிற்பதில்லை, ஏனென்றால் போய்த்தான் ஆக வேண்டும். மூன்றாவது கூறுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் வெறும் தளர்ச்சி. 'தளர்ந்து நடந்தான்' என்ற தொடரில் பாரம் இருக்கிறது, கட்டாயம் இல்லை. மேலும் 'தளர்நடை' என்ற தொகைச்சொல்லைப் பழைய இலக்கியம் நடை பழகும் குழந்தைக்கும் கொடுத்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் வாரானைப் பருவத்தில் தாய் கைநீட்டி வா வா என்று அழைப்பது அப்படித் தத்தித் தத்தி வரும் பிள்ளையைத்தான். அங்கே தளர்ச்சி இன்பம் தருவது, களைப்பு அல்ல.

கட்டாயத்தைச் சொல்லத் தமிழ் வேறு வழியைத் தேடிக்கொண்டது. 'கால் கடுக்க நடந்தேன்', 'செருப்புத் தேய நடந்தேன்', 'கச்சேரிக்கு நடையாய் நடந்தேன்' என்பன அந்த வழிகள். இவற்றில் ஓர் அடியின் பாரம் சொல்லப்படவில்லை. எத்தனை அடி, எத்தனை தடவை என்பதே சொல்லப்படுகிறது. ஆங்கில வினை, சேற்றில் புதையும் ஒற்றைக் காலைக் காட்டுகிறது. தமிழ்த் தொடர், காணி உறுதிக்காகவோ நட்டஈட்டுக்காகவோ பத்துத் தரம் அதே படியில் ஏறி இறங்கிய மனிதனைக் காட்டுகிறது. களைப்பு இரண்டிலும் உண்டு. அது வரும் திசை வேறு. ஆகவே மழையில் நனைந்து வீடு திரும்பும் ஒருவருக்கு 'நடையாய் நடந்தார்' பொருந்தாது. 'காலை இழுத்து இழுத்து நடந்து வீடு வந்து சேர்ந்தார்' என்றால் பொருந்தும். 'வந்து சேர்ந்தார்' என்ற முடிவில்தான் அந்த மூன்றாவது கூறு ஒளிந்திருக்கிறது.

நொண்டுதல்: தமிழ் செல்வந்தமாக இருக்கும் இடம்

லிம்ப் என்ற ஒன்றுக்குத் தமிழில் நொண்டி நொண்டி, தாங்கித் தாங்கி, விந்தி விந்தி, கெந்திக் கெந்தி, இழுத்து இழுத்து என்று பல உண்டு. இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரும் சொற்கள் அல்ல. முள் குத்திய காலைத் 'தாங்கித் தாங்கி' நடப்போம். நோகும் கால் நிலத்தில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, நல்ல காலுக்கு உடனே மாறிவிடுவதுதான் அந்தத் தாங்கல். வைத்தியர்கள் நோவு நடை என்று பார்த்தவுடன் இனங்காண்பதும் இதே அடையாளத்தை வைத்துத்தான். 'கெந்தி' என்றால் ஒரு கால் நிலத்தில் படவே இல்லை. பிள்ளைகள் விளையாட்டில் கெந்துவதும் அதுதான். 'இழுத்து' என்றால் கால் எழும்பவில்லை. பாரிசவாதத்துக்குப் பிறகு சிலருக்கு முழங்கால் மடங்காமல், கால் வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வரும். அதைப் பார்த்தவர் 'நொண்டி நடக்கிறார்' என்று சொன்னால் பாதிதான் சொன்னவராவார். 'ஒரு பக்கத்துக் கால இழுத்துப் போட்டு நடக்கிறார்' என்று சொன்னால், ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டிருக்கும் வைத்தியருக்கு அது தகவல்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். வினை, நடையைச் சொல்கிறது. பெயர்ச்சொல், மனிதனைச் சொல்கிறது. 'நொண்டி நொண்டி வந்தார்' என்பது இன்றைய நிலை; நாளை மாறலாம். 'நொண்டி' என்று ஆளையே அழைத்தால் அது முத்திரை. 'நொண்டிச் சாக்கு' என்ற வழக்கில் அந்த முத்திரையின் இளக்காரம் அப்படியே இருக்கிறது. எழுதுகிறவர்கள் வினையோடு நின்றுகொள்வது நல்லது.

இரு மொழிகள், இரு பழக்கங்கள்

ஆங்கிலத்தில் 'வீட்டுக்குள் லிம்ப் பண்ணினான்' என்ற அமைப்பில் ஒரே வினை போதும். உள்ளே போனான் என்பதைச் சொல்ல ஒரு சிறு முன்னிடைச்சொல் வந்துவிடும். தமிழில் அது முடியாது. 'நொண்டி நொண்டி வீட்டுக்குள் நுழைந்தான்' என்றுதான் சொல்ல வேண்டும். முற்று வினையான 'நுழைந்தான்' என்பதில் இருப்பது போகும் வழி. நடந்த விதம் எச்சமாக முன்னால் வந்து நிற்கிறது. நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கட என்று தமிழின் முக்கியமான போக்கு வினைகள் எல்லாம் வழியைத்தான் சொல்கின்றன. மொழியியலாளர் லியோனார்ட் டால்மி 1985 இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கிய வகைப்பாடு இது: சில மொழிகள் வழியை வினையில் வைக்கும், சில மொழிகள் விதத்தை வினையில் வைக்கும். ஆங்கிலம் இரண்டாம் வகை. தமிழும் அரபும் ஸ்பானியமும் முதல் வகை.

அரபு இதே பழக்கமுடையது என்பதை அல்-குர்ஆனை அறிந்தவர்கள் எளிதில் கண்டுகொள்ளலாம். ஸூரா அல்புர்கானின் 63 ஆம் வசனம் ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பதைச் சொல்கிறது. ஸூரா அல்இஸ்ராவின் 37 ஆம் வசனம் பெருமையோடு நடப்பதைத் தடுக்கிறது. இரண்டு இடத்திலும் நடத்தலுக்கு வந்திருக்கும் வினை ஒன்றே. 'மஷா' என்ற பொதுவான வினை. பணிவைச் சொல்வது பக்கத்தில் நிற்கும் 'ஹவ்னன்'. பெருமையைச் சொல்வது 'மரஹன்'. தமிழில் பெயர்க்கும்போது வினை 'நட' என்று இருக்க, விதம் அடையாக முன்னால் வந்து நிற்பது இயல்பாக இருப்பதற்குக் காரணம் இந்த ஒற்றுமைதான். ஆங்கிலத்தில் பெயர்ப்பவருக்கு மட்டும் ஒரு சபலம் வரும்: பெருமையோடு நடத்தலுக்கு 'ஸ்ட்ரட்' என்ற ஒற்றை வினை அங்கே தயாராக இருக்கிறது. அதைப் போட்டால் கருத்து வந்துவிடும். ஆனால் ஒரே செயலை மனம் இரண்டு விதமாக ஆக்குகிறது என்ற அமைப்பு மறைந்துவிடும்.

விதத்தைத் தனியே சேர்க்க வேண்டிய மொழிகளில், தேவையில்லாவிட்டால் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். டான் ஸ்லோபின் என்ற ஆய்வாளர் நாவல் மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு இதைக் காட்டினார். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குப் போகும்போது நடையின் விதம் பல இடங்களில் உதிர்ந்துபோகிறது. மறுபக்கமாக, ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது மூலத்தில் இல்லாத விதம் சில இடங்களில் புதிதாக முளைத்துவிடுகிறது. இந்த இரண்டாவது விடயம்தான் எங்களுக்கு அதிகம் கவலை தர வேண்டியது.

ஒரு வாக்கியமும் நான்கு பெயர்ப்புகளும்

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த நினைவுகளைச் சொன்னவர்கள் தமிழில் சொன்னார்கள். உலகம் அதை ஆங்கிலத்தில் வாசிக்கிறது. ஒரு மூதாட்டி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 'வீட்டப் பூட்டிட்டு, புள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்து வந்தோம்.'

மொழிபெயர்ப்பவருக்கு 'நடந்து வந்தோம்' என்பது ஆங்கிலத்தில் வெறுமையாகத் தெரியும். துயரம் போதவில்லை என்று நினைத்து 'ட்ரட்ஜ்' என்று போடுகிறார் என்றால், பாரமும் களைப்பும் மெதுவும் உள்ளே வந்துவிடுகின்றன. மூதாட்டி மெதுவாக நடந்ததாகச் சொன்னாரா? சில மணித்தியால அவகாசத்தில் வெளியேறச் சொல்லப்பட்டவர் பயத்தில் வேகமாகவும் நடந்திருக்கலாம். 'மார்ச்' என்று போட்டால், அணிவகுப்பும் சொந்தத் தீர்மானமும் வந்துவிடும். துரத்தப்பட்டவர்கள் புறப்பட்டவர்களாக மாறிவிடுவார்கள். 'ஃப்ளீ' என்று போட்டால் தப்பி ஓடியவர்கள் ஆகிவிடுவார்கள். ஓடுவதென்ற முடிவை அவர்களே எடுத்ததாகத் தோன்றும். வெறும் 'வோக்' என்று போட்டால் மட்டுமே அவர் சொன்னது சொன்னபடி நிற்கும்.

அப்படியானால் துயரம் எங்கே? அது நடை வினையில் இல்லை, பூட்டில் இருக்கிறது. திரும்பி வருவோம் என்று நம்புகிறவர்தான் வீட்டைப் பூட்டுவார். அந்தப் பூட்டை மொழிபெயர்ப்பாளர் விடாமல் கொண்டுபோனால் போதும். காலுக்குப் பாரம் ஏற்றத் தேவையில்லை. மறுபக்கமாக, அவர் 'கால் கடுக்க நடந்தோம்' என்று சொல்லியிருந்தால் அதை 'வோக்' என்று தட்டையாக்குவதும் அநியாயம். அங்கே வலியை அவரே சாட்சியமாகத் தந்திருக்கிறார்.

ஆகவே பதிவு செய்கிறவர்களும் பெயர்க்கிறவர்களும் ஒவ்வொரு நடை வினையிலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த மனநிலையைச் சொன்னவர் தந்தாரா, நான் சேர்க்கிறேனா? அவர் தந்திருந்தால் அதற்கு எங்கட மொழியில் நொண்டியும் தாங்கியும் காலாறவும் கால் கடுக்கவும் சொற்கள் இருக்கின்றன. தேடி எடுத்துப் போட வேண்டும். அவர் தராவிட்டால், 'நடந்தோம்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.